எட்டுக் கோடும் நிறைந்தாலும் நிரம்பாத பற்றரி

நுவரெலியாவிலிருந்து இறம்பொடைப் பக்கமாகக் கம்பளைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் எங்கள் பிரியஸ் திடீரென்று உறுமத் தொடங்கியது. என் கால் அக்சிலரேட்டரில் இல்லை. பள்ளத்தில் உருண்டு வருகிற காருக்கு எஞ்சின் எதற்கு இந்தப் பாடு படவேண்டும்? பின் இருக்கையிலிருந்த மச்சான், "இதுக்கு ஏதோ பிடிச்சிட்டுது, ஓரங்கட்டு" என்றான். தேயிலைக் கொழுந்து லொறி ஒன்றுக்குப் பின்னால் நிறுத்தி, பொனட்டைத் திறந்து பார்த்தோம். பார்த்து என்ன விளங்கும்? எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. திரையில் பற்றரியின் படத்தில் எட்டுக் கோடும் நிறைந்து பச்சையாய் நின்றது. அதுமட்டும் மனதில் பதிந்தது.

வவுனியாவில் ஹைபிரிட் பற்றரி பார்க்கிற கராஜ்காரரிடம் பிறகு இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "அண்ணை, கார் நல்லாத்தான் இருக்கு. பற்றரிக்கு இனிப் போட இடமில்லை எண்டு எஞ்சினைச் சும்மா சுழல விட்டு உங்களைப் பிடிச்சிருக்கு. அதில பெற்றோலே எரிஞ்சிருக்காது" என்றார். எட்டுக் கோடு நின்றதே, அப்படியானால் முழுக்க நிரம்பிவிட்டதா என்று கேட்டேன். "முழுக்க நிரம்பினதையும் நீங்கள் ஒருநாளும் காணேல்லை, முழுக்க வெறுமையானதையும் காணேல்லை. காணவும் விடமாட்டான்" என்றார்.

அவர் சொன்ன அந்த 'விடமாட்டான்' என்பதற்குள்தான் இந்தப் பற்றரியின் ஆயுள் இருக்கிறது. திரையில் தெரிகிற படம் முழுப் பற்றரியின் படமே அல்ல. எட்டுக் கோடும் நிறைந்து நிற்கும்போது உள்ளே இருப்பது ஏறத்தாழ 80 சதவீதம். கோடெல்லாம் இறங்கி ஒன்றிரண்டுக்கு வரும்போது இன்னும் 40 சதவீதம் மிச்சம் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும்தான் காரின் கொம்பியூட்டர் புழங்கும். அதிலும் அன்றாட ஓட்டத்தில் 60ஐ ஒட்டியே நிற்கப் பார்க்கும். கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், திரும்ப அங்கே வந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய பற்றரியில் பாதிக்கு மேல் நாம் தொடவே முடியாத இடம். கேட்கும்போது ஏமாற்றிவிட்டார்கள் போலத்தான் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பற்றரியின் அளவை முதலில் பார்த்துவிடலாம். பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் பின் இருக்கைக்குப் பின்னால் 28 மொடியூல்கள் புத்தகம் அடுக்கியதுபோல் நெருக்கி நிற்கின்றன. ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு செல்கள். மொத்தம் 168 செல்கள், ஒன்றன் வாலை மற்றது பிடித்தபடி ஒரே வரிசையில். சேர்த்தால் 201.6 வோல்ற். நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகை. ரொயோட்டாவும் பனசொனிக்கும் சேர்ந்து 1996இல் தொடங்கிய கூட்டு நிறுவனம் செய்தது. ஒரு செல் பிடிப்பது 6.5 அம்பியர் மணி. பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 1.3 யுனிற் மின்சாரம், நம் வீட்டு மின்பட்டியலில் வருகிற அதே யுனிற். ஒரு மின்னழுத்தியை ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பாவித்தால் தீர்ந்துவிடும் அளவு. அதிலும் நாற்பதுக்கும் எண்பதுக்கும் இடையில் எடுக்கக் கூடியது வெறும் அரை யுனிற்.

அரை யுனிற்றை வைத்துக்கொண்டு ஒன்றரை தொன் காரை என்ன செய்வது? மின்சாரத்தில் மட்டும் ஓட்டினால் இரண்டு மூன்று கிலோமீற்றர் போகலாம், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பற்றரிக்கு அந்த வேலை கொடுக்கப்படவில்லை. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் கார் சிவப்பு விளக்கைக் கண்டு நிற்கிறது என்று வையுங்கள். ஓட்டுநரோடு சேர்த்து 1,400 கிலோ. அந்த வேகத்தில் அதற்குள் இருக்கும் இயக்க சக்தியைக் கணக்கிட்டால் 54 வாட் மணி வரும். ஐந்து வாட் எல்.இ.டி. குமிழ் ஒன்று ஒரு முழு இரவு எரிகிற அளவு. சாதாரணக் காரில் இவ்வளவும் பிரேக் தட்டில் சூடாகிப் போய்விடும். ஹைபிரிட்டில் மோட்டார் டைனமோவாக மாறி அதைப் பிடிக்கிறது. வழியில் சிந்துவது போக முப்பது வாட் மணி பற்றரிக்குள் போகும் என்று கொண்டால், அது முழுப் பற்றரியில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். விளக்கு பச்சையானதும் அதே இரண்டு சதவீதம் வெளியே வந்து காரைத் தள்ளிவிடும். நாள் முழுக்க நகரத்துக்குள் ஓடினாலும் இந்தப் பற்றரி செய்வது இதைத்தான்.

பஸ் கொண்டக்டரின் தோள்பையை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அதில் சில்லறை தீரவும் கூடாது, பை நிறைந்து அடுத்தவர் தரும் காசை வாங்க முடியாமல் நிற்கவும் கூடாது. எந்த நிறுத்தத்தில் யார் நீட்டுவார், யார் மிச்சம் கேட்பார் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே பை பாதியில் இருப்பதுதான் அவருக்கு வசதி. ஹைபிரிட் பற்றரியும் அடுத்த நொடியில் வாங்க வேண்டுமா கொடுக்க வேண்டுமா என்று அறியாமல் நிற்கும் பை. 95 சதவீதம் நிரப்பி வைத்துவிட்டு அடுத்த சந்தியில் பிரேக் பிடித்தால் அந்த முப்பது வாட் மணியை எங்கே போடுவது?

இது வசதிக் கணக்கு. ஆயுளின் காரணம் செல்லுக்குள் இருக்கிறது.

நிக்கல் செல் நிரம்பிக்கொண்டு வரும்போது முதல் எண்பது சதவீதம் வரை ஏற்றுகிற மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் சேமிப்பாகவே போகும். அதற்கு மேல் நேர்த்தகட்டுக்கு மின்சாரத்தை ஏற்க இடம் குறைகிறது. வந்துகொண்டிருக்கும் மின்சாரமோ நிற்பதில்லை. அது உள்ளே இருக்கும் காரக் கரைசலிலுள்ள தண்ணீரைப் பிளந்து ஒட்சிசனை எடுக்கத் தொடங்குகிறது. செல் அடைத்து மூடப்பட்டது, அதனால் வாயு எங்கும் போக முடியாது. தகடுகளுக்கு இடையிலுள்ள துணியை ஊடுருவி எதிர்த்தகட்டுக்குப் போய், அங்கே மறுபடி தண்ணீராக மாறுகிறது. கேட்க ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் ஏற்றிய மின்சாரம் அவ்வளவும் இந்தச் சுற்றில் வெறும் சூடாகக் கரைகிறது. கைப்பேசிச் சார்ஜர் அளவு மெல்லிய மின்னோட்டம் என்றால் செல் தாங்கும். பிரேக் பிடிக்கும்போது இந்தப் பற்றரிக்குள் பாய்வது எவ்வளவு தெரியுமா? 20 கிலோவாட் என்றால் 100 அம்பியர். 6.5 அம்பியர் மணி பிடிக்கும் செல்லுக்குள் 100 அம்பியர். அந்த வேகத்தில் வெறும் செல் நாலே நிமிடத்தில் நிரம்பிவிடும். அவ்வளவு மின்சாரம் ஒட்சிசனாக மாறத் தொடங்கினால் அதைத் திரும்பத் தண்ணீராக்க எதிர்த்தகட்டால் ஈடுகொடுக்க முடியாது. அழுத்தம் ஏறும், செல்லின் பாதுகாப்பு வால்வு திறந்து வாயுவை வெளியே விடும். வெளியே போனது போனதுதான். அது செல்லின் தண்ணீர். திரும்ப ஊற்ற வழியில்லை. உள்ளே நின்ற ஒட்சிசன் தன் பங்குக்கு எதிர்த்தகட்டின் உலோகத்தைத் துருவேற்றும். கரைசல் வற்ற வற்றச் செல்லின் உள்தடை ஏறும். தடை ஏற ஏற இன்னும் சூடு. வெயிலில் நின்று ஏற்கெனவே சூடாயிருக்கும் பற்றரியில் இந்தக் கூத்து எண்பதுக்கு முன்னமே தொடங்கிவிடும். மேல் எல்லையை எண்பதில் வெட்டியதன் காரணம் இது.

கீழ் எல்லையின் கதை வேறு. ஒரு தனிச் செல்லை வெறுமையாகும் வரை இறக்கினால் பெரிய கேடு இல்லை. நிக்கல் செல் அதைப் பொறுக்கும். இங்கே 168 செல்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன, ஒரே மின்னோட்டம் எல்லாவற்றுக்குள்ளாலும் போகிறது. ஒன்று முதலில் வெறுமையானால் அது நிற்கிறதா? மற்ற 167 செல்களும் அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளும். வெறுமையான செல் தலைகீழாகச் சார்ஜ் ஏறத் தொடங்கும். நேரும் எதிரும் மாறும், ஐதரசன் பிறக்கும், மறுபடி அதே வால்வு. சில நிமிடங்கள் போதும், அந்தச் செல் பழைய செல்லாக இராது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 168 செல்களும் ஒரே ஆலையில் பிறந்தவையானாலும் அச்சொட்டாக ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று 6.5 பிடித்தால் மற்றது 6.3 பிடிக்கும். ஒன்று நிற்கும்போது தானாகச் சற்று வேகமாக இறங்கும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்துச் சமப்படுத்துகிற ஏற்பாடு இந்தப் பற்றரியில் கிடையாது; கொம்பியூட்டர் இரண்டு மொடியூலைச் சேர்த்து ஒரு கட்டாகப் பார்க்கிறது, மொத்தம் 14 கட்டுகளின் வோல்ற் மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே மேலே விட்ட இருபதும் கீழே விட்ட நாற்பதும் வீணாகக் கிடக்கும் இடமல்ல. செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்பதற்கு விட்ட இடம். சராசரி 60இல் நிற்கும்போது ஒரு சோம்பல் செல் 45இல் நின்றால் என்ன, 70இல் நின்றால் என்ன? இரண்டு கரைக்கும் இன்னும் தூரம் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கொம்பியூட்டருக்கே பற்றரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியாது. பெற்றோல் டாங்கிக்கு மிதவை இருக்கிறது, பற்றரிக்கு அப்படி ஒன்றில்லை. நிக்கல் செல்லின் வோல்ற் நடுப்பகுதி முழுக்க ஏறத்தாழ மட்டமாகவே ஓடும். நாற்பதையும் அறுபதையும் வோல்ற்றைப் பார்த்துப் பிரிப்பது கடினம். அதனால் போகிற அம்பியரையும் வருகிற அம்பியரையும் ஒரு கருவி அளக்கிறது, கொம்பியூட்டர் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறது, கடைக்காரர் கொப்பியில் கடன் எழுதுவதுபோல. சின்னப் பிழைகள் நாளுக்கு நாள் சேரும். கணக்குப் பத்துச் சதவீதம் பிசகினாலும் எந்தச் செல்லும் கரையில் மோதக் கூடாது என்றால் கரையை விட்டு விலகி நிற்பதைவிட வேறு வழியில்லை.

இப்போது, கரையில் மோதாமல் நடுவிலேயே ஆடினாலும் தேய்மானம் இருக்கத்தானே வேண்டும்? இருக்கிறது. ஆனால் ஆட்டத்தின் அகலம் அதைத் தீர்மானிக்கிறது. கட்டிட வேலையில் கட்டுக்கம்பியை எடுத்து இரண்டு பக்கமும் முழுக்க மடித்து மடித்துப் பாருங்கள், பத்துப் பன்னிரண்டு தரத்தில் அறுந்துவிடும். அதே கம்பியை ஒரு நூலளவு வளைத்து விட்டால் ஆயிரக்கணக்கில் வளைக்கலாம். இந்தச் செல்லின் எதிர்த்தகட்டிலுள்ள கலப்புலோகம் சார்ஜ் ஏறும்போது ஐதரசனைத் தன் அணுக்களுக்கு இடையில் வாங்கி வைத்துக்கொள்கிறது. வாங்கும்போது ஊதுகிறது, விடும்போது சுருங்குகிறது. வெறுமையிலிருந்து முழு நிரப்புவரை போனால் அந்த ஊதல் பத்துச் சதவீதத்துக்கும் மேல். உலோகத் துணிக்கைகள் வெடித்துப் பொடிபடும், வெடித்த புதிய முகமெல்லாம் கரைசலில் துருப்பிடிக்கும், துரு மறுபடி தண்ணீரைக் குடிக்கும். இரண்டு சதவீதம் ஏறி இரண்டு சதவீதம் இறங்கும்போது இந்த ஊதலும் சுருங்கலும் மிகமிகச் சிறியவை.

என் கையில் உள்ள இலக்கங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். கார் தன் ஆயுளில் மூன்று லட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது, கிலோமீற்றருக்கு ஒரு தடவை வேகம் குறைத்துக் கூட்டுகிறது என்று வைத்தால், பற்றரி இரண்டு சதவீத ஆட்டத்தை மூன்று லட்சம் தடவை ஆடியிருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் ஆறாயிரம் தடவை முழுதாக ஏற்றி இறக்கிய மின்சாரம் அதற்குள்ளால் போயிருக்கிறது. இதே வகைச் செல்லை ஒவ்வொரு தடவையும் வெறுமையாக்கி நிரப்பினால் ஐந்நூறிலிருந்து ஆயிரம் தடவைக்குள் களைத்துவிடும். அதாவது குறுகிய எல்லைக்குள் வைத்ததால் செல் மெதுவாகச் செலவாகிறது என்பது மட்டுமல்ல. அதே செல் தன் வாழ்நாளில் சுமக்கிற மொத்தச் சுமையே பல மடங்காகிறது. முதலில் இதை நம்பவில்லை, இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2011இல் 206,000 மைல், நம் கணக்கில் 330,000 கிலோமீற்றருக்கு மேல், ஓடிய 2002ஆம் ஆண்டுப் பிரியஸ் ஒன்றைத் தன் சோதனைக் களத்தில் ஓட்டிப் பார்த்தது. பத்து வருடத்துக்கு முன் புதிதாக ஒன்றைச் சோதித்தபோது கலனுக்கு 40.6 மைல் போனது. பழைய கார் போனது 40.4.

அப்படியானால் அரை யுனிற்தானே வேண்டும், அரை யுனிற்றுக்கே பற்றரியைச் செய்து முழுதாகப் பாவித்தால் பாரமும் விலையும் குறையுமே என்று கேட்கலாம். கராஜில் நானும் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு மொடியூலைத் தூக்கி என் கையில் தந்தார். பாரம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். "நூறு அம்பியர் இதுக்குள்ளால போகோணும்" என்றார். மின்னோட்டத்தைத் தாங்குவது தகட்டின் பரப்பு. பற்றரியைப் பாதியாக்கினால் அதே 20 கிலோவாட்டும் பாதிப் பரப்பின் வழியாகப் பாய வேண்டும், சூடு ஏறும். நாம் தொடாத அந்த அறுபது சதவீதமும் ஒவ்வொரு பிரேக்கிலும் தோள் கொடுக்கிறது. அது சும்மா கிடப்பதாக நினைத்தது என் பிழை.

இறம்பொடைக்குத் திரும்புவோம். நுவரெலியாவுக்கும் கம்பளைக்கும் உயர வித்தியாசம் 1,300 மீற்றருக்கும் மேல். குடும்பத்தோடு 1,600 கிலோ கார் அவ்வளவு இறங்கும்போது வெளிவரும் சக்தி ஐந்தரை யுனிற்றுக்கு மேல். முழுப் பற்றரி நாலு வேண்டும் அதைப் பிடிக்க; நாம் பாவிக்கிற அரை யுனிற் எல்லையோ அதில் பத்தில் ஒன்றுகூட இல்லை. காற்றும் சில்லும் தின்றது போக மிச்சத்தில் கொஞ்சத்தை வாங்கியதும் எட்டுக் கோடும் நிறைந்துவிடும். அதற்குமேல் ஏற்றினால் மேலே சொன்ன ஒட்சிசன் கதைதான். ஆகவே கொம்பியூட்டர் சார்ஜை மறுத்து, பெற்றோல் இல்லாமல் எஞ்சினை மோட்டாரால் சுழற்றி, கிடைக்கிற மின்சாரத்தை அதில் செலவழிக்கிறது. பழைய லொறி ஓட்டுநர்கள் கியரைக் குறைத்து இறக்கம் இறங்குவதும் இதே வேலைதான். கியர்ப் பிடியில் B என்று ஒரு இடம் இருக்கிறதே, அதை முதலிலேயே போட்டிருந்தால் பிரேக்கும் குளிர்ந்திருக்கும், மச்சானும் பயந்திருக்கமாட்டான். ஏற்றத்தில் இதன் எதிர்ப்பக்கம். 1997 டிசம்பரில் ஜப்பானில் வந்த முதல் பிரியஸில் நீண்ட மலையேற்றத்தில் பற்றரி கீழ் எல்லையைத் தொட்டால் ஆமை வடிவில் ஒரு விளக்கு எரியும்: இனி மோட்டாரிடம் உதவி இல்லை, மெல்லப் போ என்று. ஓட்டுநர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் பற்றரியைப் பிழிய விடமாட்டேன் என்பதைத்தான் அந்த ஆமை சொன்னது.

இவ்வளவு காவல் வைத்தும் பற்றரிகள் சாகத்தான் செய்கின்றன. ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே இறங்கிய கார்கள் பத்துப் பதினைந்து வயதைத் தாண்டிவிட்டன. சாகிற விதமும் அந்த எல்லையோடு பிணைந்ததுதான்.

கராஜில் நான் நின்ற அன்று மேசையில் 28 மொடியூல்கள் வரிசையாகக் கிடந்தன, ஒவ்வொன்றின் முதுகிலும் சுண்ணக்கட்டியால் வோல்ற் எழுதியிருந்தது. 7.8, 7.9, 7.8, 7.8 என்று போய் ஓரிடத்தில் 6.6. ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது, அதன் 1.2 வோல்ற்தான் குறைகிறது. அது எப்படிச் செத்திருக்கும்? வயதான செல் ஒன்றின் பிடிப்பு 6.5இலிருந்து 3 அம்பியர் மணிக்கு இறங்கிவிட்டது, அதிலும் இப்போது 1.2 மட்டுமே உள்ளே இருக்கிறது என்று வையுங்கள். கொம்பியூட்டர் நல்ல செல்களைப் பார்த்து 60 சதவீதம், 3.9 அம்பியர் மணி இருக்கிறது என்று எண்ணுகிறது. ஒரு நீண்ட ஏற்றத்தில் அது 60இலிருந்து 40க்கு இறக்குகிறது; அதன் கணக்கில் ஒழுங்கான, எல்லைக்குள் நிற்கிற செயல். வெளியே எடுத்தது 1.3. நல்ல செல்லில் 2.6 மிச்சம். நலிந்த செல்லில் 1.2 தீர்ந்து, கடைசி 0.1க்கு அது தலைகீழாக இழுபட்டுவிட்டது. எல்லை அப்படியே இருக்கிறது, செல் அதற்கு வெளியே போய்விட்டது. ஒருமுறை இழுபட்ட செல் இன்னும் நலியும், அடுத்த ஏற்றத்தில் இன்னும் முந்தி இழுபடும்.

ஓட்டுபவருக்கு இது தெரியாமல் போகாது. எட்டுக் கோடு நின்ற பற்றரி ஒரு சின்ன ஏற்றத்தில் இரண்டுக்கு விழும், ஐந்து நிமிடத்தில் மறுபடி எட்டுக்கு ஏறும். சார்ஜ் அவ்வளவு வேகத்தில் வந்துபோவதற்குக் காரணம், பிடிக்கிற பாத்திரம் சிறுத்துவிட்டதுதான். எஞ்சின் நிற்காமல் ஓடும், பின் இருக்கைப் பக்கம் விசிறி இரையும், பெற்றோல் கூடப் போகும். கடைசியில் ஸ்கானரில் P0A80 என்று வரும். அதற்கு முன்னமே, நல்ல ஸ்கானரைப் பொருத்தி அந்த 14 கட்டுகளையும் பார்த்தபடி ஒருவர் ஓட்டினால், அக்சிலரேட்டரை அமுக்கும்போது பதின்மூன்று கட்டுகள் சேர்ந்து இறங்க, ஒன்று மட்டும் ஒரு வோல்ற்றுக்கு மேல் கீழே குதிப்பதைக் காணலாம். பழைய ஹைபிரிட் வாங்கப் போகிறவர்கள் கோட்டைப் பார்த்து ஏமாறாமல் இதைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது. நீங்களே மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். 200 வோல்ற் நேரோட்டம், ஆளைக் கொல்லும்.

செத்த மொடியூலை மாற்றினால் சரியா? மலிவு, அதனால் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு வருடத்துக்குள் மூன்று தரம் மாற்றினார், ஒவ்வொரு தரமும் வேறு வேறு மொடியூல். மிச்சம் 27உம் அதே வயசுக்காரர்கள், அடுத்தது யார் என்பதுதான் கேள்வி. மாற்றாகப் போடுவதும் பிடிப்பிலும் நிரப்பிலும் மற்றவற்றோடு ஒத்துப்போக வேண்டும். ஒவ்வாததைப் போட்டால் எல்லைக்குள் மிச்சமிருக்கும் இடத்தை அந்த விலகலே தின்றுவிடும். எல்லா மொடியூலையும் மெல்லிய மின்னோட்டத்தில் நிரப்பி, இறக்கி, சமப்படுத்துகிற வேலை ஒன்று உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது: நடுவிலேயே வருடக்கணக்காக ஆடிய நிக்கல் செல் சற்று மந்தமாகும், முழுதாக ஒரு சுற்றுப் போனால் அது தெளியும். இந்த மந்தம் குறுகிய எல்லைக்குக் கொடுக்கிற சின்ன விலை. ஆனால் வற்றிய கரைசலை எந்தச் சுற்றும் திருப்பிக் கொண்டுவராது. 'புதுசு மாதிரி' என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை நான் நம்புவதில்லை.

எல்லையைக் காரின் கொம்பியூட்டர் காக்கிறது. சூட்டை நாம்தான் காக்க வேண்டும். பற்றரிக்குக் காற்று பின் இருக்கையின் ஓரத்திலுள்ள ஒரு கிராதி வழியாகத்தான் போகிறது, அதாவது நாம் இருக்கிற அறையின் காற்று. அங்கே பையை வைத்து அடைப்பார்கள், நாய்முடி போய்ச் சிக்கும், நம் செம்மண் தூசி விசிறியின் இதழ்களில் பஞ்சுபோல் படியும். நெருக்கத்தில் இருக்கும் நடு மொடியூல்களுக்குச் சூடு கூட. செத்தவை பெரும்பாலும் நடுவிலிருந்து வருவதைக் கராஜ்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். நிறுத்தி வைப்பதும் கேடுதான். 2022இல் பெற்றோல் இல்லாமல் வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில், கார்கள் அசையாமல் நின்றன. நிக்கல் செல் நின்றபடியே தன் சார்ஜை இழக்கும், வெக்கையில் இன்னும் வேகமாக, அதுவும் செல்லுக்குச் செல் வேறு வேறு வேகத்தில். நிற்கிற காரில் எல்லையைக் காக்க ஆளில்லை; எஞ்சின் ஓடினால்தானே கொம்பியூட்டர் திருப்பி ஏற்றும்? அதனால்தான் ஓட்டாத காரையும் சில மாதத்துக்கு ஒருமுறையாவது அரை மணித்தியாலம் ஓட்டச் சொல்கிறார்கள்.

வெசல் போன்ற கார்களில் வருவது லித்தியம் பற்றரி. அங்கேயும் குறுகிய எல்லைதான், காரணம் மட்டும் வேறு. லித்தியம் செல்லில் தண்ணீர் இல்லை, ஒட்சிசன் சுற்றும் இல்லை. மேல் எல்லைக்கு அருகில் வைத்திருந்தால் அது சும்மா நின்றபடியே கிழடாகும். நிரம்பிய நிலையில் வேகமாக ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே தகட்டில் படியும். பதிலுக்கு அதில் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்துச் சமப்படுத்துகிறார்கள். முழு மின்சாரக் கார் தன் பற்றரியின் பெரும்பகுதியைப் பாவிப்பது இதற்கு முரண் அல்ல: அதன் பற்றரி நாற்பது, ஐம்பது மடங்கு பெரிது, ஒரு நாளைக்கு ஒரு சுற்றுக்கூடப் போகாது. ஒரு மணித்தியாலத்தில் அறுபது தரம் ஏறி இறங்குவது ஹைபிரிட்டின் தலைவிதி.

கராஜ்காரர் எங்கள் காரின் பின் இருக்கை ஓரத்தைக் கழற்றி விசிறியை வெளியே எடுத்தார். இதழ்களில் படிந்திருந்ததைப் பழைய பல்துலக்கியால் தட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடி விழுந்தது. ஸ்கானரில் 14 கட்டுகளையும் ஒருதரம் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சக் காலம் ஓடும்" என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். ஏழாவது கட்டைச் சுட்டிக் காட்டினார். மற்றவற்றைவிட 0.3 வோல்ற் குறைந்து நின்றது.